மூன்று வீடு, மூன்று இணைப்பு, வராத ஒன்பதாவது கோடு

ஒரு தாளில் மூன்று வீடுகளை வரைந்துகொள்ளுங்கள். அவற்றுக்குக் கீழே தண்ணீர், கேஸ், மின்சாரம் என்று மூன்று நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு கோடு போக வேண்டும். கோடுகள் எப்படி வேண்டுமானாலும் வளையலாம், ஊரைச் சுற்றிக்கொண்டும் வரலாம். ஆனால் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. வீட்டுக்குள்ளோ நிலையத்துக்குள்ளோ புகுந்து அந்தப் பக்கம் போகவும் கூடாது. மொத்தம் ஒன்பது கோடுகள். கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தால் எட்டு வந்துவிடும். ஒன்பதாவதுதான் மாட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற புதிர்க்காரர் ஹென்றி டூடனி இதை 1913-ல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வெளியிட்டார். 1917-ல் வந்த அவருடைய புத்தகத்திலும் இது உண்டு. மின்விளக்குக்கும், ஏன் கேஸுக்குமே முந்தைய புதிர் இது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த விடை, ஒரு குழாயை இன்னொருவர் வீட்டின் வழியாகக் கொண்டுபோவது! விதியை வளைத்த விடைதான். நேர்வழியில் விடையே கிடையாது என்பதைக் காட்டப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை.

வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுப்போம். முதல் வீட்டிலிருந்து தண்ணீர், அங்கிருந்து இரண்டாம் வீடு, அங்கிருந்து கேஸ், பிறகு மூன்றாம் வீடு, பிறகு மின்சாரம், கடைசியில் திரும்ப முதல் வீடு. இந்த ஆறு கோடுகளும் சேர்ந்து ஒரு மூடிய வளையம். வளையம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் அதற்கு ஓர் உள்பக்கம், ஒரு வெளிப்பக்கம் உண்டு. மீதி மூன்று கோடுகள்: முதல் வீட்டுக்குக் கேஸ், இரண்டாம் வீட்டுக்கு மின்சாரம், மூன்றாம் வீட்டுக்குத் தண்ணீர். வளையத்தில் இந்த ஜோடிகள் ஒவ்வொன்றும் நேரெதிர் எதிராக நிற்பவை. அதனால் உள்ளே ஒன்றைப் போட்டுவிட்டால் அது உள்பக்கத்தை இரண்டாகப் பிரித்துவிடும். அடுத்த ஜோடியில் ஆளுக்கொரு பக்கம் நின்றுபோவார்கள். வெளியேயும் அதே கதைதான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, மூன்றாவதுக்கு இடமில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: நிலையத்திலிருந்து வீட்டுக்கு வீடு தனிக்குழாய் எந்த ஊரில் போடுகிறார்கள்? மெயின் லைன் ஒன்று வரும், அதில் ‘டீ’ போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிப்பார்கள். அப்படிச் செய்தால் தப்பிக்கலாமே?

நியாயமான கேள்வி. போட்டுப் பார்ப்போம். தண்ணீர் மெயின் வருகிறது, முதல் டீயில் ஒரு கிளை முதல் வீட்டுக்குப் போகிறது. மெயின் மேலே போய் இரண்டாவது டீயில் இரண்டாம், மூன்றாம் வீடுகளுக்குப் பிரிகிறது. இப்போது அந்த இரண்டாவது டீயில் போய் நில்லுங்கள். அங்கிருந்து இரண்டாம் வீட்டுக்கு ஒரு வழி, மூன்றாம் வீட்டுக்கு ஒரு வழி, முதல் டீ வழியாக முதல் வீட்டுக்கு ஒரு வழி. மூன்றும் தனித்தனி வழிகள். அதாவது புதிருக்கு இப்போது அந்த டீதான் தண்ணீர் நிலையம். உண்மையான நிலையம் அதில் தொங்கும் வெறும் வால். கேஸுக்கும் மின்சாரத்துக்கும் இப்படியே ஆளுக்கொரு டீ கிடைத்துவிடும். பழைய புதிர் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டதே தவிர, ஒழியவில்லை.

இந்த ஒளிந்துகொள்ளும் குணத்தில்தான் விஷயம் இருக்கிறது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்பைக் கணிதத்தில் கிராஃப் என்பார்கள். எந்த கிராஃபைக் கோடு வெட்டாமல் தாளில் வரையலாம், எதை வரைய முடியாது? எண்ணிப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கோடு வெட்டாமல், எல்லாப் புள்ளிகளும் தொடர்போடு இருக்கும்படி வரைந்த எந்தப் படத்திலும், புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து கோடுகளைக் கழித்து, தாள் எத்தனை துண்டாகப் பிரிந்திருக்கிறதோ அதைக் கூட்டினால் 2 வரும். வெளியே பரந்து கிடக்கும் இடமும் ஒரு துண்டுதான். இது ஆய்லரின் விதி. நம் புதிரில் 6 புள்ளிகள், 9 கோடுகள். ஆகவே படம் இருந்தால் 5 துண்டுகள் இருக்க வேண்டும். வீடு, நிலையம், வீடு, நிலையம் என்று மாறிமாறித்தான் வளைய வர முடியும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தது 4 ஓரங்கள் தேவை. ஆக 20 ஓரங்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கம் வீதம் 9 கோடுகளில் கிடைப்பதோ 18. பற்றாக்குறை, எனவே முடியாது.

அழகான கணக்கு. ஆனால் இதை ஏமாற்றுவது மிகச் சுலபம். ஒன்பது குழாய்களில் ஏதாவது ஒன்றின் நடுவே ஒரு கப்ளிங் போட்டு, அதையும் ஒரு புள்ளி என்று எண்ணுங்கள். இப்போது 7 புள்ளிகள், 10 கோடுகள், துண்டுகள் அதே 5. தேவை 20 ஓரங்கள், கிடைப்பதும் 20. கணக்கு சரியாகிவிட்டது! குழாய் நடுவில் கப்ளிங் போட்டதால் புதிர் தீர்ந்துவிடுமா என்ன? வரைய முடியாதது வரைய முடியாததுதான். எண்ணிக்கைக்கு அது தெரியவில்லை, அவ்வளவே.

கோட்டின் நடுவே இப்படிப் புள்ளிகளைச் செருகுவதைத்தான் உட்பிரிவு என்கிறார்கள். ஒரு கோட்டில் ஒன்றும் செருகாமல் விடலாம், ஒன்பது புள்ளிகளும் செருகலாம். வரைய முடியுமா முடியாதா என்பது மாறாது.

மூன்று வீட்டுப் புதிரைப் போல இன்னொரு குற்றவாளியும் உண்டு. ஐந்து ஊர்கள், ஒவ்வோர் ஊரிலிருந்தும் மற்ற எல்லா ஊர்களுக்கும் நேர்சாலை, மொத்தம் 10 சாலைகள். ஐந்து ஊர்களையும் ஒரு வளையமாக இணைத்தால் 5 சாலைகள் மீதி. வளையத்துக்குள் வெட்டாமல் இரண்டு போடலாம், வெளியே இரண்டு. பத்தாவது சாலைக்கு மேம்பாலம்தான் கட்ட வேண்டும்.

போலந்துக் கணிதவியலாளர் கஸிமியெஷ் குரடோவ்ஸ்கி 1930-ல் வெளியிட்ட தேற்றம் சொல்வது இதுதான்: தாளில் வரைய முடியாத எந்த கிராஃபுக்குள்ளும் இந்த இரண்டில் ஒன்றின் உட்பிரிவு கட்டாயம் ஒளிந்திருக்கும். இவை உள்ளே இருந்தால் வரைய முடியாது என்பது வெளிப்படை. மறுபக்கம்தான் ஆச்சரியம். ஆயிரம் புள்ளிகள், மூவாயிரம் கோடுகள் என்று சிக்கிக் கிடந்தாலும், வரைய முடியவில்லை என்றால் காரணம் மூன்று வீடு அல்லது ஐந்து ஊர். மூன்றாவது காரணம் கிடையாது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஃப்ரிங்க், ஸ்மித் என்ற இருவரும் தனியாக இதை நிறுவியிருந்தார்கள்; பெயர் என்னவோ குரடோவ்ஸ்கிக்கே நின்றுவிட்டது.

ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஐங்கோணம் வரைந்து மூலைகளுக்கு வரிசையாக 1, 2, 3, 4, 5 என்று எண் போடுங்கள். உள்ளே ஐந்து புள்ளிகள்: 1-க்கு நேரே அ, 2-க்கு நேரே ஆ, 3-க்கு இ, 4-க்கு ஈ, 5-க்கு உ. எதிரெதிரே உள்ளவற்றை இணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பவற்றை நட்சத்திரமாக இணையுங்கள்: அ–இ, இ–உ, உ–ஆ, ஆ–ஈ, ஈ–அ. மொத்தம் 10 புள்ளிகள், 15 கோடுகள். டென்மார்க்கின் யூலியஸ் பீட்டர்சன் 1898-ல் எழுதிய கட்டுரையால் இதற்கு பீட்டர்சன் கிராஃப் என்று பெயர்.

பார்த்தவுடன் ஐந்து ஊர்ச் சாடை தெரியும். நானாக இருந்தாலும் அதைத்தான் முதலில் தேடுவேன். ஆனால் கிடைக்காது. ஐந்து ஊர் அமைப்பில் ஒவ்வோர் ஊரிலிருந்தும் நான்கு சாலைகள் கிளம்ப வேண்டும். நடுவே எத்தனை புள்ளிகளைச் செருகினாலும் அது குறையாது. இந்த கிராஃபிலோ எந்தப் புள்ளியிலும் மூன்று கோடுகளுக்கு மேல் இல்லை. எனவே குற்றவாளி மூன்று வீடாகத்தான் இருக்க வேண்டும்.

1-ஐயும் அதில் சேரும் மூன்று கோடுகளையும் அழித்துவிடுங்கள். இப்போது 2, 5, அ ஆகிய மூன்று புள்ளிகளிலும் இரண்டிரண்டு கோடுகள்தான் மீதி. அதாவது அவை வெறும் கப்ளிங்குகள். மீதி ஆறு புள்ளிகளில் 3, ஈ, உ மூன்றும் வீடுகள் என்று வையுங்கள். 4, ஆ, இ மூன்றும் நிலையங்கள். 3-லிருந்து 4-க்கும் இ-க்கும் நேர்க்கோடு இருக்கிறது, ஆ-வுக்கு 2 வழியாகப் போகலாம். ஈ-யிலிருந்து 4-க்கும் ஆ-வுக்கும் நேர்க்கோடு, இ-க்கு அ வழி. உ-விலிருந்து ஆ-வுக்கும் இ-க்கும் நேர்க்கோடு, 4-க்கு 5 வழி. ஒன்பது இணைப்புகளும் வந்துவிட்டன. எந்த வழியும் இன்னொன்றின் மேல் ஏறவில்லை. ஆக, பீட்டர்சன் கிராஃபை எந்தக் கொம்பனாலும் வெட்டாமல் வரைய முடியாது.

கண்ணுக்குத் தெரிந்த ஐந்து ஊர்ச் சாடை முழுப் பொய்யும் இல்லை. 1–அ, 2–ஆ என்று வெளியையும் உள்ளையும் இணைக்கும் ஐந்து கோடுகளையும் சுருக்கி, இரு முனைகளையும் ஒரே புள்ளியாக்கினால் சாட்சாத் ஐந்து ஊர் வந்து நிற்கும். சுருக்குவதை அனுமதித்து இதே தேற்றத்தின் இன்னொரு வடிவத்தை 1937-ல் கிளாவுஸ் வாக்னர் கொடுத்தார். அதிலும் குற்றவாளிகள் அதே இருவர்தான். ஆனால் புள்ளி செருகுவதும் சுருக்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்த கிராஃபைவிட நல்ல சாட்சி இல்லை.

இதற்கு நடைமுறைப் பயன், சாட்சியைக் கையில் கொடுப்பது. ஒரே அடுக்குள்ள மின்சுற்றுப் பலகையில் செம்புத் தடங்கள் ஒன்றை ஒன்று வெட்டினால் ஷார்ட் ஆகிவிடும். வெட்டாமல் போடலாம் என்பவர் படத்தைக் காட்டினால் போதும். முடியாது என்பவர் எதைக் காட்டுவது? ‘நான் முயன்றேன், வரவில்லை’ என்பது நிரூபணம் ஆகாது. ஆறு புள்ளிகளையும் ஒன்பது வழிகளையும் வண்ணம் பூசிக் காட்டினால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த ஒன்பதில் ஒன்றையாவது ஜம்பர் வயராகப் பலகைக்கு மேலே தூக்கிப் போட்டே ஆக வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஹாப்கிராஃப்டும் டார்ஜனும் 1974-ல் கொடுத்த வழிமுறையில், புள்ளிகள் இரட்டித்தால் வேலையும் ஏறக்குறைய இரட்டிக்குமே தவிர அதற்கு மேல் எகிறாது. இன்றைய மென்பொருள்களில் சில, படத்தையோ குற்றவாளியையோ இரண்டில் ஒன்றைத் தந்துவிடும்.

இவ்வளவும் தாளுக்கு. கைப்பிடி வைத்த காபிக் கோப்பையின் மேல் வரைந்தால் கதை வேறு: எட்டுக் கோடுகளைப் பக்கவாட்டில் போட்டுவிட்டு, ஒன்பதாவதைக் கைப்பிடி மேலே ஏற்றி இறக்கிவிடலாம், மற்றவை அதன் அடியில் போகும். ஐந்து ஊரும் அதில் அடங்கும். அப்படியானால் கைப்பிடியுள்ள பரப்பில் வரைய முடியாதவற்றின் பட்டியல் என்ன? அது முடிவுள்ள பட்டியல்தான் என்று ராபர்ட்சனும் சீமோரும் நிறுவிவிட்டார்கள். ஆனால் தாளுக்கு இரண்டே இரண்டு போதுமாயிருக்க, ஒரு கைப்பிடி சேர்ந்ததும் இதுவரை கணினியால் தேடி எடுத்த உட்பிரிவுக் குற்றவாளிகள் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். பட்டியல் இன்னும் முழுமையாகவில்லை.