உப்புக்குப் பொருந்தும் கணக்கு வெள்ளிக்கு ஏன் பொருந்தவில்லை?

சாதாரண உப்பைத் தண்ணீரில் கரைத்து அதில் சில துளி சில்வர் நைட்ரேட் விட்டால், தயிர் திரிந்தது போல வெள்ளையாக ஒன்று அடியில் படியும். பள்ளி ஆய்வகத்தில் பலரும் பார்த்திருக்கும் அந்த வீழ்படிவுதான் சில்வர் குளோரைடு. உப்பு நீரில் தாராளமாகக் கரைகிறது. இது கரைய மறுக்கிறது. ஆனால் இரண்டின் படிகமும் ஒரே அமைப்பு கொண்டவை. ஒவ்வொரு உலோக அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள் நிற்கின்றன. இடைவெளிகூட ஏறத்தாழ ஒன்றே: உப்பில் 282 பிக்கோமீட்டர், சில்வர் குளோரைடில் 277.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? இதற்குப் படிகக்கூடு ஆற்றலைப் பார்க்க வேண்டும். வெகு தொலைவில், வாயு நிலையில் பிரிந்து கிடக்கும் அயனிகள் ஒன்றுகூடி ஒரு மோல் படிகமாகும்போது வெளிவரும் ஆற்றல் அது. அயனிகளை மட்டும் குடுவையில் அடைத்து வைத்து அதை நேரடியாக அளப்பது எளிதல்ல. 1919இல் மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் அதற்குச் சுற்றுவழி ஒன்றைக் காட்டினார்கள். மலைக்கோயிலுக்குப் படியேறிப் போனாலும் வண்டிப்பாதையில் போனாலும் ஏறிய உயரம் ஒன்றுதான். ஆற்றலுக்கும் அதே விதி என்பதே அவர்களுடைய பிடிமானம்.

உப்பின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் ஒரு மோலுக்கு, கிலோஜூலில். திண்ம சோடியத்தை ஆவியாக்க 107 செலவாகிறது. அந்த அணுக்களிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496. குளோரின் மூலக்கூறில் பாதியை உடைக்க 122. ஆக 725. குளோரின் அணு எலக்ட்ரானை ஏற்கும்போது 349 திரும்பக் கிடைக்கிறது. நிகரச் செலவு 376. ஆனால் சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாகும்போது மொத்தத்தில் 411 வெளியேறுகிறது. அயனிகளை உண்டாக்கிய செலவை ஈடுகட்டிய பிறகும் இவ்வளவு மிஞ்ச வேண்டுமானால், படிகம் உருவான படியில் 376உம் 411உம் சேர்ந்து 787 வெளிவந்திருக்க வேண்டும்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் அந்தப் ‘பாதி’தான். உப்புக்கு ஒரு குளோரின் அணுவே போதும். முழு மூலக்கூறையும் உடைத்ததாக 243 எழுதிவிட்டால் விடை 908 ஆகிவிடும். பிழையைக் கண்டுபிடிக்க அக்கம்பக்கச் சேர்மங்களைப் பார்த்தால் போதும். சோடியம் ஃபுளோரைடின் மதிப்பே சுமார் 925. ஃபுளோரைடைவிடக் குளோரைடு அயனி நன்றாகப் பெரியது. அயனிகள் தள்ளி நிற்கும் படிகம் அவ்வளவு நெருங்கிய மதிப்பைத் தர வழியில்லை.

இனி மறுபக்கம். 1918இல் பார்னும் ஆல்ஃபிரட் லாண்டேயும் உருவாக்கிய மாதிரியில் வெப்ப அளவீடு எதுவும் இல்லை. அயனிகள் மின்னூட்டம் தாங்கிய உருண்டைகள், அவ்வளவே. ஒரு சோடியத்தை அருகிலுள்ள ஆறு குளோரைடுகள் இழுக்கின்றன. அடுத்து, 1.41 மடங்கு தொலைவில் இருக்கும் பன்னிரண்டு சோடியங்கள் தள்ளுகின்றன. அதற்கும் அப்பால் எட்டுக் குளோரைடுகள் மீண்டும் இழுக்கின்றன. இப்படி இழுப்பும் தள்ளலுமாகப் படிகம் முழுவதையும் முறையாகக் கூட்டினால் 1.7476 என்ற எண் வருகிறது. தனியாக நிற்கும் ஒரு சோடி அயனிகளைவிடப் படிகத்தில் ஈர்ப்பு அத்தனை மடங்கு. அதற்கு மாடலுங் மாறிலி என்று பெயர்.

இடைவெளி 282 என்றால் ஈர்ப்பு மட்டும் 861 கிலோஜூல் தருகிறது. எலக்ட்ரான் முகில்கள் நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளுவதற்காக, உப்புக்குப் பாடநூல்கள் வழக்கமாக எட்டில் ஒரு பங்கைக் கழிக்கின்றன. மிஞ்சுவது 753. வெப்பத்தை அளந்து வந்த 787க்கும், வெறும் தொலைவை வைத்துப் போட்ட இந்த 753க்கும் நான்கு விழுக்காடு அளவே வித்தியாசம். உருண்டை என்ற எளிய கற்பனை இவ்வளவு தூரம் கைகொடுப்பது வியப்புதான்.

அதே மாதிரியைச் சில்வர் குளோரைடுக்குப் போட்டால் 783 வருகிறது. உப்பைவிடச் சற்றே அதிகம். இடைவெளி கொஞ்சம் குறைவு என்பதால் அது எதிர்பார்த்ததே. சுற்றுவழிக் கணக்கு வேறு கதை சொல்கிறது. வெள்ளியை அணுக்களாக்க 285, எலக்ட்ரானை எடுக்க 731, குளோரினுக்கு 122, திரும்பி வருவது 349. நிகரச் செலவு 789. சேர்மம் உருவாகும்போது வெளியேறும் 127ஐயும் கூட்டினால் 916. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை மாதிரி தவறவிட்டிருக்கிறது.

காரணம் வெள்ளி அயனியின் வெளிக்கூட்டில் உள்ள பத்து d எலக்ட்ரான்கள். அணுக்கருவின் இழுவிசையை அவை சரியாக மறைப்பதில்லை. அதனால் வெள்ளி, பக்கத்துக் குளோரைடின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்துக் கொஞ்சம் பங்குபோட்டுக்கொள்கிறது. மின்னூட்ட உருண்டைகளில் இடமே இல்லாத சகப்பிணைப்பு இங்கே தலைகாட்டுகிறது. ஆனாலும் 133 முழுவதையும் அதன் கணக்கில் எழுதுவது சரியாகாது. எளிதில் வளையும் எலக்ட்ரான் முகில்களுக்கிடையே வான் டெர் வால்ஸ் ஈர்ப்பும் உண்டு. இந்த எளிய சூத்திரம் அதையும் சேர்க்கவில்லை. வித்தியாசம் பெரியது என்று இந்த ஒப்பீடு காட்டுமே தவிர, எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது.

குளோரைடுக்குப் பதில் இன்னும் பெரிய, இன்னும் எளிதில் வளையும் அயோடைடை வைத்தால் நிலைமை முற்றுகிறது. அறை வெப்பநிலையில் சில்வர் அயோடைடு உப்பின் அமைப்பையே கைவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கும் நான்கே அண்டை அயனிகளோடு அடுக்கிக்கொள்கிறது. அங்கே 1.7476ஐ எடுத்துவிட்டு ஏறத்தாழ 1.64 என்ற வேறு மாறிலியோடுதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.