மூன்றாம் நாள் வாந்தி

நுரையீரல் புற்றுநோய்க்காக ஒரு பெண்மணி திங்கட்கிழமை காலை சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று வாந்தி இல்லை. செவ்வாயும் நன்றாகவே விடிகிறது. “வாந்திதான் வரலையே, எதுக்கு இத்தனை மாத்திரை?” என்று மீதி மாத்திரைகளை எடுத்து வைத்துவிடுகிறார். புதன்கிழமை குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

சிஸ்பிளாட்டின் இரண்டு அலையாகக் குமட்டும். முதல் அலை சில மணி நேரத்தில் வருவது. மருந்து பட்டதும் குடல் செல்கள் செரோடோனினைக் கொட்டுகின்றன. அது நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. இரண்டாவது அலை 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். அதில் மூளைக்குள் வேலை செய்யும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வேறொரு பொருளுக்கே பெரும்பங்கு. ஒரே மாத்திரையால் இரண்டையும் அடக்க முடியாததன் காரணம் இதுதான்.

அதனால்தான் மருத்துவர்கள் அடுக்கடுக்காக மருந்து தருகிறார்கள். கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு அப்ரெபிடன்ட் 125 மில்லிகிராம். அடுத்த இரண்டு நாளும் 80. இது இரண்டாம் அலைக்கானது. டிரிப் தொடங்குவதற்குச் சற்று முன்பு பாலோனோசெட்ரான் ஊசி; செரோடோனின் வழியை அடைக்கும் இது, சில நாள் உடலில் தங்கும். கூடவே டெக்ஸாமெத்தசோன், முதல் நாள் 12, பிறகு மூன்று நாள் 8. இந்த ஸ்டீராய்டைக் காலையில் சாப்பிட்டபின் போடுவது நல்லது, மாலையில் போட்டால் தூக்கம் கெடும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நாட்களில் சர்க்கரை ஏறும்.

நான்காவது அடுக்கு ஓலன்சபைன், இரவில் நான்கு நாள். மனநோய்க்குத் தரும் மருந்தாயிற்றே என்று பயந்து பலர் இதை நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம்: வாந்தி அடங்கியபிறகும் விடாமல் அரிக்கும் குமட்டலுக்கு இதுவே நன்றாகக் கேட்கிறது. இதன் தொல்லை பகல் தூக்கம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு, 2024-இல் வெளிவந்தது, 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 கொடுத்தாலே போதிய பலன் கிடைப்பதையும் தூக்கக் கலக்கம் குறைவதையும் காட்டியது.

புதன்கிழமைக்கு வருவோம். அந்தப் பெண்மணி ஒண்டான்செட்ரானை அடுத்தடுத்து விழுங்குவதால் பெரிய பலன் இராது. பாலோனோசெட்ரான் ஏற்கெனவே அதே வழியைத்தான் அடைத்திருக்கிறது, மலச்சிக்கல்தான் கூடும். வேறு வகை மருந்தே தேவை, அதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். தண்ணீர் தங்காமல் சிறுநீர் குறைந்து அடர்ந்த நிறமானால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து. உடல் வறண்டால் பாதிப்பு கூடும்.

அடுத்த சுற்றுக்கு முன், எந்த நாள், எத்தனை முறை, எந்த மாத்திரை விட்டுப்போனது என்று எழுதிக்கொண்டு போனால், எந்த அடுக்கை மாற்றுவது என்று மருத்துவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் சில சுற்றுகளில் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே ஓங்கரிக்கத் தொடங்கும். அந்தக் குமட்டலுக்கு இந்த நான்கு மருந்துகளும் சரியாகக் கேட்பதில்லை.