ஏழாம் அத்தியாயத்துக்கு முன் ஒரு பக்கம்

பரீட்சைக்காக என் நெடுங்கதையை ஆறாம் அத்தியாயத்தோடு நிறுத்தியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஏழாவதை எழுதினேன். வாசித்த உம்மா, "கொட்டாஞ்சேனை மாமிக்கு முதல்ல சலீமா எண்டுதானே பேர்? இப்ப ஹலீமா எண்டு கிடக்கு" என்றார்.

உடனே பழைய அத்தியாயங்களை ஒரு பக்கத்தில் சுருக்கினேன். அது வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் 'முன்கதைச் சுருக்கம்' போலவே வந்தது. என்ன நடந்தது என்பது மட்டும் வாசகருக்குப் போதும். எழுதுகிறவளுக்கு மாறக்கூடாத விவரங்கள் வேண்டும். ஆகவே திருத்தி எழுதினேன்: 'மாமி சலீமா, வயது 52 (அத். 2). மகள் வீடு வெள்ளவத்தை; ரயில் பாதைக்கு அப்பால் மேற்கே கடல் (அத். 3).' இந்த வரி இல்லாவிட்டால் என்றாவது கடலிலிருந்து சூரியனை உதிக்க வைத்திருப்பேன்! சந்தேகம் வந்தால் மூலத்தைப் புரட்டவே அத்தியாய எண்.

அதன் கீழே அவிழாத முடிச்சுகள்: 'அடகு வைத்த வளையல் இன்னும் மீளவில்லை. கடிதத்தை மாமி வாசித்துவிட்டார். மகளுக்கு அது தெரியாது.' யாருக்கு எது தெரியும் என்பதுதான் சீக்கிரம் மறக்கிறது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கியே, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற வாசகர் கேள்விகளுக்கு முடிவுரையில் பதில் சொல்ல நேர்ந்தது.

சுருக்கத்தில் மாமியின் பேச்சு மட்டும் தங்கவில்லை. அவர் பேசிய இரண்டு வரிகளை அப்படியே ஓரத்தில் எழுதிவைத்தேன். ஆறாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.