பூனைச் சட்டை – 7: மூணு கலர்க்காரி

பழவேற்காட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் எடுத்த படம் இது. நண்டுக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பூனை, மடவையின் தலையைக் காலால் அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறது. முதுகில் கருப்பும் செவலையும் திட்டுத்திட்டாக, நெஞ்சும் வயிறும் வெள்ளை. "கடுவனா, பொட்டையா?" என்று கேட்டேன். "மூணு கலருன்னா பொட்டதான் சார்" என்றார் கூடைக்கார அம்மா, பூனையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பார்க்கத் தேவையில்லைதான். பூனையின் செவலை நிறம் எக்ஸ் குரோமோசோமில் வருவது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது செவலையாகவோ கருப்பாகவோ இருந்தாக வேண்டும். பொட்டைக்கு இரண்டு. குட்டி கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அந்த இரண்டில் ஒன்றைப் பூட்டிவிடுகிறது. எதைப் பூட்டுவது என்பதில் ஒழுங்கு எதுவும் கிடையாது. ஆனால் பூட்டியது பூட்டியதுதான். அந்த செல்லிலிருந்து பெருகும் செல்களும் அதையே பின்பற்றுகின்றன. ஒவ்வொரு திட்டும் அப்படிப் பெருகிய செல்களின் வேலை. இதை 1961-இல் எலிகளை வைத்து விளக்கியவர் மேரி லயன். செவலைக்கான மாற்றம் எது என்பது 2025-இல்தான் வெளியானது: எக்ஸில் சுமார் 5,000 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. மூன்று நிறக் கடுவனும் எப்போதாவது பிறக்கும். பெரும்பாலும் அதற்கு எக்ஸ் ஒன்று கூடுதலாக இருக்கும், குட்டி போட வைக்காது.

படத்தைப் பெரிதாக்கினால் செவலைத் திட்டுகளில் மங்கலான வரிகள் தெரிகின்றன. இதைப் பார்த்ததும் வரிப்பூனை என்று எழுதிவிடுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன். வரியை அழிக்கும் மரபணு கருப்பு நிறத்தில்தான் வேலை செய்யும், செவலையிடம் அதன் பாச்சா பலிக்காது. ஆகவே பார்க்க வேண்டியது கருப்புத் திட்டை. அதில் பழுப்பு நிறத்தின் மேல் கரிய கோடுகள் ஓடினால் வரிப்பூனை. இவளுடையது முழுக் கருப்பு. வெயிலில் கருப்பு முடியின் நுனி வெளுத்துச் செம்மை தட்டுவதும் உண்டு. முடியை ஒதுக்கிப் பார்த்தால் அடி கருப்பாகவே இருக்கும். புகைப்படத்தில் ஏமாறுவது அங்கேதான்.

கரையேற்றிய படகுக்கு அடியில், பழைய வலைக் குவியலில் அவளுடைய குட்டிகள் மூன்று. அந்த அம்மா ஒவ்வொன்றாக வாலைத் தூக்கிக் காட்டினார். கருப்புக் கடுவன் ஒன்று, முழுச் செவலைப் பொட்டை ஒன்று, செவலை துளியும் இல்லாத கருப்புப் பொட்டை ஒன்று.

கடுவன் குட்டி தகப்பனைக் காட்டிக் கொடுக்காது. அதன் ஒரே எக்ஸ் தாயிடமிருந்து வந்தது. பொட்டைக் குட்டிகள் அப்படியல்ல. முழுச் செவலைப் பொட்டைக்கு இரண்டு எக்ஸும் செவலை, ஆகவே தகப்பன் செவலை. கருப்புப் பொட்டைக்கு இரண்டும் கருப்பு, ஆகவே தகப்பன் செவலையாக இருக்க வழியில்லை. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்கள். பூனைகளில் அது சகஜம்.

இதைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். "ஐஸ் பெட்டிகிட்ட ஒண்ணு படுத்துக்கெடக்கு பாருங்க, செவல. இன்னொண்ணு ராத்திரிதான் வரும்."