ஓவரால் 7 வாங்கியும் கிடைக்காத சீட்

இரண்டு ஐஇஎல்டிஎஸ் ஸ்கோர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கணக்குக்காக நானே போட்டுக்கொண்ட எண்கள்தான். ஒரு மாணவிக்கு லிஸனிங் 8, ரீடிங் 7.5, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6.5. ஓவரால் 7. இன்னொரு மாணவருக்கு லிஸனிங், ரீடிங் இரண்டிலும் 6.5, ரைட்டிங், ஸ்பீக்கிங் இரண்டிலும் 6. ஓவரால் 6.5. இருவரும் பிரிட்டனில் ஒரே முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் கேட்பது ஓவரால் 6.5, அதோடு எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது. 6.5 வாங்கியவர் தகுதி பெறுகிறார். 7 வாங்கியவர் வெளியே நிற்கிறார்.

இதில் அநியாயம் எதுவும் நடக்கவில்லை. ஓவரால் எப்படி வருகிறது என்று தெரிந்தால் போதும், விஷயம் புரிந்துவிடும்.

நான்கு பிரிவுகளின் பேண்டையும் கூட்டி நான்கால் வகுக்கிறார்கள். வரும் சராசரியைப் பக்கத்தில் உள்ள அரை பேண்டுக்கோ முழு பேண்டுக்கோ நகர்த்துகிறார்கள். சராசரி .25 என்றோ .75 என்றோ சரியாக நடுவில் வந்து நின்றால் மேலே போகும். மாணவியின் கூட்டுத்தொகை 27.5. நான்கால் வகுத்தால் 6.875, அது 7 ஆகிறது. மாணவரின் கூட்டுத்தொகை 25. வகுத்தால் 6.25, நடுவில் நிற்பதால் மேலே ஏறி 6.5.

தசமத்தோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் போதும். 25 வந்தால் 6.5, 27 வந்தால் 7, 29 வந்தால் 7.5. இடையில் எது வந்தாலும் கீழே உள்ளதுதான். 24.5 வாங்கியவருக்குச் சராசரி 6.125, அது 6-க்கு இறங்கிவிடும். ஏதாவது ஒரு பிரிவில் அரை பேண்ட் கூடியிருந்தால் அவருக்கும் 6.5. இன்னொரு பக்கம், 26.5 வாங்கியவரும் 25 வாங்கியவரும் ஒரே 6.5-ஐத்தான் காட்டுவார்கள். சான்றிதழில் ஓவரால் என்று தெரிகிற எண்ணுக்குள் இவ்வளவு அகலம் இருக்கிறது.

இந்த ரவுண்டிங் நடப்பது ஓவராலுக்கு மட்டும்தான். ‘ரைட்டிங்கில் 5.5-ஐ ரவுண்டு பண்ணி 6 ஆக்க மாட்டார்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டார்கள். பிரிவு மதிப்பெண்ணே முழுசும் அரையுமாகத்தான் வருகிறது. 5.5 என்பதே ஒரு படி. அதற்கு மேல் நகர்த்த எதுவும் இல்லை.

இப்போது அந்த மாணவி ரீடிங்கில் இன்னும் முட்டி மோதி 7.5-ஐ 9 ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 29, ஓவரால் 7.5. கேட்டதைவிட ஒரு முழு பேண்ட் அதிகம். விண்ணப்பம் அதே இடத்தில்தான் நிற்கும். ஏனென்றால் சராசரி செய்கிற வேலையே, பலமான பிரிவைக் கொண்டு பலவீனமான பிரிவை மறைப்பது. பிரிவுவாரி குறைந்தபட்சம் வைத்திருப்பது அந்த மறைப்பை விலக்கிப் பார்க்கத்தான். பிளஸ் டூவில் மற்ற பாடங்களில் தொண்ணூறுக்கு மேல் வாங்கி கணக்கில் மட்டும் 34 எடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்.

பல்கலைக்கழகத்தின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதுகலைப் படிப்பில் மதிப்பெண்ணில் பெரும்பகுதி எழுத்தில்தான் இருக்கிறது: கட்டுரைகள், கடைசியில் நீண்ட ஆய்வேடு. பாடத்தைக் காதால் நன்றாகப் புரிந்துகொண்டாலும் எழுதத் தெரியாவிட்டால் ஆய்வேட்டில் மாட்டிக்கொள்வார். இன்னொன்று விசா. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கும் அதற்கு மேலும் மாணவர் விசாவில் கேட்கும் ஆங்கிலம், ஐரோப்பிய அளவுகோலில் பி2 என்ற நிலை. அதை நான்கு திறனிலும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் கணக்கில் அது ஒவ்வொரு பிரிவிலும் 5.5. பல்கலைக்கழகங்கள் தங்கள் தேவைக்கு ஏற்ப அதற்கு மேல் வைத்துக்கொள்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் முதுகலைப் படிப்புகளுக்கு இரண்டு நிலை உண்டு: ஒன்றில் ஓவரால் 7, ஒவ்வொரு பிரிவிலும் 6.5, மற்றதில் 7.5, ஒவ்வொன்றிலும் 7.

இதில் எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நான்கிலும் சரியாக 6.5 வாங்கியவர் பிரிவுவாரி குறைந்தபட்சத்தைத் தொட்டுவிட்டார். ஆனால் கூட்டுத்தொகை 26தான், ஓவரால் 6.5. அந்த 7-க்கு 27 வேண்டும். ஒரு பிரிவில் ஒரு பேண்டோ, இரண்டு பிரிவுகளில் அரை அரையோ கூடியாக வேண்டும். இரண்டும் தனித்தனி நிபந்தனைகள். ஒன்றைத் தாண்டினால் மற்றது தானாக நிறைவேறிவிடாது.

தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ரைட்டிங்தான். லிஸனிங்கிலும் ரீடிங்கிலும் தலா 40 கேள்விகள். சுமார் 23 சரியானால் 6, 30 சரியானால் 7. ஓரிரு விடை கூடினாலே அரை பேண்ட் ஏறலாம். ரைட்டிங்கில் அப்படி எண்ண முடியாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பதில்கள். முதலாவது குறைந்தது 150 சொல், இரண்டாவது 250 சொல். இரண்டாவதற்கு முதலாவதைப் போல இரு மடங்கு எடை. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறதா, கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்களுக்கும் சம மதிப்பு. முதல் பதிலின் வரைபடத்தை வர்ணிப்பதிலேயே அரை மணி நேரம் போய், இரண்டாவது கட்டுரை முடிவுரை இல்லாமல் தொங்கினால், இலக்கணம் சுத்தமாக இருந்தும் பேண்ட் இறங்கிவிடும்.

அரை பேண்டில் நின்றுபோனவர்கள் முதலில் நினைப்பது முழுப் பரீட்சையையும் மறுபடி எழுதுவதை. அதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த முறை ரைட்டிங் 6 வந்து, பதற்றத்தில் ஸ்பீக்கிங் 5.5-க்குப் போய்விட்டால், பழைய ஸ்பீக்கிங்கையும் புதிய ரைட்டிங்கையும் சேர்த்துக் கொடுக்கப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விடுவதில்லை. ஒரே தேர்வின் நான்கு மதிப்பெண்களைத்தான் கேட்கின்றன.

மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பேண்ட் மாறினால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். லிஸனிங்கும் ரீடிங்கும் விடைக்குறிப்பை வைத்துத் திருத்துபவை என்பதால் அங்கே மாறுவது அபூர்வம். ஒரு தேர்வாளரின் மதிப்பீட்டில் நிற்கும் ரைட்டிங், ஸ்பீக்கிங்குக்குத்தான் கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் தேர்வு எழுதியவர்களுக்கு இன்னொரு வழி, ‘ஒன் ஸ்கில் ரீடேக்’. முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் ஒரே ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதலாம். மற்ற மூன்றின் மதிப்பெண்ணும் அப்படியே இருக்க, புதிய சான்றிதழ் வரும். நம் மாணவிக்கு ரைட்டிங் 6 வந்தால் கூட்டுத்தொகை 28. ஓவரால் அதே 7, ஆனால் இப்போது உள்ளே போகலாம். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இந்தச் சான்றிதழை ஏற்பதில்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்க மாட்டோம் என்றால், படிப்பு தொடங்குவதற்கு முன் அவர்களே நடத்தும் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு இருக்கிறதா, அதில் சேர ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு வேண்டும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். அந்த வகுப்புக்கும் பிரிவுவாரி குறைந்தபட்சம் இருக்கும்.