கொள்ளு சூப்: கல் கரைகிறதா?

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பித்தான் பலர் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். இருவருக்கு 50 கிராம் கொள்ளு போதும். கல் பார்த்து, வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் புதுத் தண்ணீர் நான்கு டம்ளர் விட்டு, விரலால் நசுக்கினால் மசியும்வரை குக்கரில் வேகவிடுங்கள். பாதியை மசித்து அதே தண்ணீரில் கலந்து, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து ஒரு கொதி விடுங்கள். உப்பு குறைவாகவே இருக்கட்டும். கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும், அது கல்லுக்குத்தான் தோது.

இது கொழுப்பை உருக்காது. புரதமும் நார்ச்சத்தும் பசியைத் தள்ளிப்போடும். மாலை பஜ்ஜிக்குப் பதில் குடித்தால் எடை குறையலாம். பஜ்ஜியோடு குடித்தால் குறையாது!

சிறுநீரகக் கல் விஷயம் வேறு. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறிவிடும். அந்த வாரம் சூப் குடித்திருந்தால் பெயர் சூப்புக்குப் போகிறது. கற்களில் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட். அதைக் கொள்ளு கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீர்தான் உதவுகிறது.

யூரிக் அமிலம் கூடியவர்களும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. விலாவலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ சூப்பை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.