ஐந்தை அழுத்தினால் இரண்டு ஒலி

என் கையில் இருப்பது பழைய பொத்தான் போன். 5-ஐ அழுத்துகிறேன், கேளுங்கள். ஒரே ஒலி போலத்தானே இருக்கிறது? இதில் இரண்டு ஒலிகள் கலந்திருக்கின்றன. 5 இருக்கும் கிடைவரிசைக்கு 770 ஹெர்ட்ஸ், நெடுவரிசைக்கு 1336 ஹெர்ட்ஸ். அதாவது வினாடிக்கு அத்தனை அதிர்வுகள். கம்பியில் போவதோ இரண்டும் கூடிய ஒரே அலை. மறுமுனையில் இருக்கும் கருவி அதைப் பிரித்து 5 என்று எப்படிச் சொல்கிறது?

பிரான்சு நாட்டு ஃபூரியே, வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து 1822-இல் வெளியிட்ட நூலில் இதற்கான வழி இருக்கிறது. பெருக்கு, சராசரி எடு. அவ்வளவுதான்.

வந்த அலையை 770 ஹெர்ட்ஸ் சைன் அலையால் கணத்துக்குக் கணம் பெருக்குவோம். அலைக்குள் ஒளிந்திருக்கும் 770-ம் நம்முடையதும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். இரண்டும் நேர்மறை என்றால் பெருக்கல் நேர்மறை. இரண்டும் எதிர்மறை என்றாலும் நேர்மறைதான். உயரம் 1 என்றால் சராசரி அரை வரும். உள்ளே இருக்கும் 1336 நம் அலையோடு ஒத்துப்போகாது. ஒரு நேரம் கூட்டும், ஒரு நேரம் குறைக்கும், கடைசியில் சுழியத்தை ஒட்டி நிற்கும். இனி 697-ஆல் பெருக்கிப் பாருங்கள். அது 1, 2, 3 உள்ள வரிசையின் ஒலி. இங்கே எதுவுமே ஒத்துப்போகாததால் சராசரி கிட்டத்தட்ட சுழியம்.

நான் முதன்முதலில் செய்தபோது 770-க்கும் சுழியம்தான் வந்தது! போன் ஒலி நம் அலையைவிடக் கால் சுற்று முன்பின்னாகத் தொடங்கியிருந்தால், அதே ஒலியாக இருந்தாலும் கூட்டலும் கழித்தலும் சமமாகிவிடும். அதனால் சைனால் ஒரு முறை, கொசைனால் ஒரு முறை பெருக்கி, இரு சராசரிகளின் வர்க்கங்களையும் கூட்ட வேண்டும். ஒலி எங்கே தொடங்கினாலும் இரண்டில் ஒன்றாவது அதைப் பிடித்துவிடும்.

எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 770-க்கும் 697-க்கும் இடைவெளி 73. வினாடிக்கு 73 முறை அவை சேர்ந்து பிரிகின்றன. ஒரு முறை சேர்ந்து பிரிய ஏறத்தாழ 14 மில்லிவினாடி ஆகும். 2 மில்லிவினாடி மட்டும் கேட்டால் இரண்டும் இன்னும் பிரியவே தொடங்கியிருக்காது. எந்த வரிசை என்று கருவிக்குத் தெரியாது. வினாடிக்கு 8000 அளவுகள் எடுத்து, அவற்றில் 205-ஐ வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அது சுமார் 26 மில்லிவினாடி, போதுமானது.

ஒரே ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் ஒரு முழு வினாடி வேண்டும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் தந்தியை மீட்டிவிட்டு, உடனே முறுக்காணியைத் தொடாமல் காதைக் கொடுத்துக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவரும் இந்த நேரத்தைத்தான் கொடுக்கிறார்.